ஓடிக்கொண்டிருக்கும் கடனிலிருந்து கோ-அப்ளிகன்ட் அல்லது ஜாமீன்தாரரை விடுவிப்பது: முழுமையான வழிகாட்டி

கோ-அப்ளிகன்ட் பெயரை எடுக்க வேண்டும் என்று வங்கிக்குப் போகிறவர்கள், ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதுபோல ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும் போதும் என்றே நினைக்கிறார்கள். வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் சம்பளத்தை நம்பிக் கொடுத்த கடனை இனி ஒருவரை மட்டும் நம்பி வைத்திருக்கலாமா என்பதுதான் அதன் கேள்வி. அதனால் இது கிட்டத்தட்டப் புதுக் கடன் போலவே மறுபடி அலசப்படும்.

இந்திய வங்கிகளில் உள்ள வீட்டுக் கடனை வைத்து இதை எழுதுகிறேன், சிக்கல் அதில்தான் அதிகம். சொத்து இல்லாத தனிநபர் கடன் என்றால் 6-ஆம் பகுதியை விட்டுவிடலாம். ஜாமீன்தாரர்கள் 1, 2 பகுதிகளைப் படித்துவிட்டு நேராக 8-க்குப் போகலாம்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. அண்ணன், தம்பி இருவரும் 6 வருடம் முன்பு சேர்ந்து ஒரு வீடு வாங்கினார்கள். பத்திரம் இருவர் பெயரில், கடனும் இருவர் பெயரில். கடன் 33 லட்சம், 20 வருடம், மாறும் வட்டி. இப்போது பாக்கி 28 லட்சம், மீதி 14 வருடம், வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை ஏறக்குறைய 28,560 ரூபாய். தவணை முழுவதையும் அண்ணன்தான் கட்டுகிறார். தம்பி வேறு ஊரில் வேலையாகி, அங்கே சொந்தமாக வீடு வாங்கக் கடன் கேட்டார். அவர் மேல் ஏற்கெனவே மாதம் 28,560 ரூபாய் தவணை இருப்பதாகக் காட்டுகிறது, உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி இவர்களோடு படிப்படியாகப் போவோம்.

## 1. நீங்கள் கடனில் யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

கடனில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் என்னவாகக் கையெழுத்துப் போட்டோம் என்பது தெரியாது. "சாட்சிக் கையெழுத்துதான் போட்டேன்" என்பார்கள். காகிதத்தை எடுத்துப் பார்த்தால் ஜாமீன் பத்திரம் இருக்கும்.

சேங்ஷன் லெட்டரையும் கடன் ஒப்பந்தத்தையும் எடுங்கள். கையில் இல்லையென்றால் கிளையில் எழுதிக்கொடுத்து நகல் வாங்கலாம். அதோடு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இறக்குங்கள். நாட்டில் உள்ள 4 கிரெடிட் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் அந்தக் கடனுக்கு நேரே `Ownership` என்ற வரியைப் பாருங்கள். `Joint` என்றிருந்தால் நீங்கள் கடனாளி. `Guarantor` என்றிருந்தால் ஜாமீன்தாரர்.

அடுத்தது பத்திரம். கடனில் பெயர் இருப்பது ஒன்று, சொத்தில் பெயர் இருப்பது இன்னொன்று. மகன் கடன் வாங்கும்போது வருமானம் போதாமல் அப்பா கோ-அப்ளிகன்டாகச் சேர்ந்திருப்பார், பத்திரம் மகன் பெயரில் மட்டும் இருக்கும். இது எளிதான வகை. நம் அண்ணன் தம்பிபோல இரண்டிலும் பெயர் இருந்தால் இரண்டு வேலை. வங்கியை ஒரு பக்கமும் பதிவு அலுவலகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, சரியான வரிசையில் நடத்த வேண்டும்.

## 2. விலகுவது உண்மையில் தேவையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்

தம்பியின் பிரச்சினை பழைய கடனில் பெயர் இருப்பது அல்ல. புதுக் கடன் கொடுப்பவர் அந்தத் தவணையைத் தம்பி தலையில் ஏற்றிக் கணக்குப் போடுவதுதான் பிரச்சினை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

தவணை முழுவதும் அண்ணன் கணக்கிலிருந்தே போகிறது என்பதைக் கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்டால் காட்டினால், அந்தத் தவணையைத் தம்பியின் கடமையில் சேர்க்காமல் விட ஒத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. பாதியை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. ஒத்துக்கொண்டால் பத்திரச் செலவு, அலைச்சல் எதுவும் இல்லாமல் காரியம் முடியும். ஆகவே தம்பி முதலில் புது வங்கியின் கடன் அதிகாரியிடம் இதைத்தான் கேட்க வேண்டும். பணம் அண்ணன் கையிலிருந்து தம்பி கணக்குக்கு வந்து, அங்கிருந்து தவணை போகிறதென்றால் இந்த வழி சிரமம். ஸ்டேட்மென்டில் கட்டுபவர் தம்பியாகத்தான் தெரிவார்.

விவாகரத்து, குடும்பத்தில் மனக்கசப்பு, வேலை போனது, கடன் கட்டுபவர் மேல் நம்பிக்கை போனது என்றால் இந்தக் குறுக்குவழி உதவாது. பொறுப்பிலிருந்தே வெளியே வந்தாக வேண்டும்.

விவாகரத்துக்காரர்களுக்கு ஒன்று. "வீட்டுக் கடனைக் கணவரே கட்ட வேண்டும்" என்று கோர்ட் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது கணவன் மனைவிக்கு இடையில்தான் செல்லும். வங்கி அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை. கணவர் கட்டாமல் விட்டால் வங்கி மனைவியையும் கேட்கும், மனைவியின் சிபில் ஸ்கோரும் இறங்கும். தீர்ப்பு நகல் மனுவோடு இணைக்கப் பயன்படும், அவ்வளவுதான்.

## 3. இருக்கப்போகிறவர் தனியாகத் தாங்குவாரா என்று வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். விலகுகிறவர் தன் காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார். வங்கிக்கு அந்தக் காரணத்தில் அக்கறை குறைவு. மீதமிருப்பவரின் வருமானத்தைத்தான் பார்க்கும். கணக்கில் தவணை பாக்கி இருந்தால் அதைக்கூடப் பார்க்காது, மனுவை அப்படியே ஓரம் வைத்துவிடும். அதனால் நிலுவை, அபராதக் கட்டணம், செக் திரும்பிய கட்டணம் எல்லாவற்றையும் முதலில் பூஜ்யமாக்குங்கள்.

அப்புறம் இந்தக் கணக்கு. ஒருவர் கையில் வாங்கும் சம்பளத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து எத்தனை சதவீதம் வரலாம் என்பதற்கு ஒவ்வொரு வங்கியும் ஒரு வரம்பு வைத்திருக்கும். வருமானத்தைப் பொறுத்து அது மாறும். நம் கணக்குக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணன் கையில் வாங்குவது மாதம் 62,000 ரூபாய். பாதி என்றால் 31,000. வீட்டுத் தவணை 28,560, அதோடு கார் கடன் தவணை 6,500. ஆக மொத்தம் 35,060. வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் மனுக் கொடுத்தால் தகுதி இல்லை என்று திரும்பி வரும்.

அண்ணனுக்குத் தோன்றிய முதல் யோசனை, கடனைக் கொஞ்சம் அடைத்துத் தவணையைக் குறைப்பது. கார் தவணை போக வீட்டுக்கு மிச்சமிருப்பது 24,500. மீதி 14 வருடத்தில் அந்தத் தவணை தாங்கக்கூடிய கடன் ஏறக்குறைய 24 லட்சம். அதாவது 4 லட்சம் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

இரண்டாவது யோசனை, வருடத்தை நீட்டுவது. 28 லட்சத்துக்குத் தவணை 24,500-க்கு இறங்க வேண்டுமானால் 14 வருடம் ஏறக்குறைய பத்தொன்பதரை வருடமாக வேண்டும். அண்ணனுக்கு வயது 44. கடன் முடியும்போது 63 தாண்டிவிடும். அவர் 60-ல் ஓய்வு பெறுகிறவர். சம்பளக்காரர் கடனை ஓய்வு வயதுக்குமேல் நீட்ட அவருடைய வங்கி சம்மதிக்காது.

மூன்றாவதுதான் வழி. கார் கடனில் மிச்சம் 14 தவணை. இன்றைய தேதியில் முழுவதும் அடைத்தால் சுமார் 86 ஆயிரம். அதை முடித்துவிட்டால் அண்ணன் பேரில் இருப்பது 28,560 மட்டுமே, 31,000 வரம்புக்குள் வந்துவிடும். 4 லட்சம் செய்கிற வேலையை 86 ஆயிரம் செய்கிறது. காரணம் எளிது: வங்கி பார்ப்பது மாதத் தவணையை. முடியப்போகிற சின்னக் கடனில் பாக்கி குறைவாகவும் தவணை பெரிதாகவும் இருக்கும். ஆகவே பெரிய கடனில் கை வைப்பதற்குமுன் சின்னக் கடன்களைப் பட்டியல் போடுங்கள். நகைக் கடன், கிரெடிட் கார்டில் தவணையாக மாற்றிய பொருள், எல்லாமே இதில் வரும்.

அடைத்த கையோடு அந்தக் கடன் முடிந்ததற்கான சான்றையும் வாங்கிவிடுங்கள். கிரெடிட் அறிக்கையில் அது ஏறச் சில வாரம் ஆகலாம். அதுவரை இந்தச் சான்றுதான் அத்தாட்சி.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு ஒட்டவில்லையென்றால், விலகுகிறவருக்குப் பதிலாக வருமானம் உள்ள இன்னொருவரைச் சேர்ப்பதுதான் மிச்சம். அண்ணிக்கு வேலை இருந்தால் அண்ணி. ஆளை எடுப்பதைவிட ஆளை மாற்றுவது வங்கிக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் புதிதாக வருகிறவர் மீதிக் கடன் முழுவதுக்கும் பொறுப்பு. பாதிக்கு மட்டும் பொறுப்பு என்பது கிடையாது.

## 4. எழுத்தில் கேளுங்கள், ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, "மேனேஜர் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டார்" என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் மாறியதும் அந்த வார்த்தையும் மாறுதலாகிப் போய்விடும்.

மனுவைக் கடனாளிகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். விலகுகிறவர் மட்டும் கொடுத்தால் அது புகார் மாதிரி இருக்கும், அதை வைத்து வங்கியால் எதுவும் செய்ய முடியாது. இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"மேற்படி வீட்டுக் கடன் கணக்கில் இணை விண்ணப்பதாரராக உள்ள (தம்பி பெயர்) அவர்களைக் கடன் பொறுப்பிலிருந்து முழுமையாக விடுவித்து, (அண்ணன் பெயர்) ஆகிய என் பெயரில் மட்டும் கடனைத் தொடர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சொத்தில் தம்பிக்கு உள்ள பாகத்தை எனக்கு விடுதலை செய்து தரவும் அவர் சம்மதிக்கிறார். அதற்கான வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் தடையில்லாச் சான்றையும் வேண்டுகிறோம். என் வருமானச் சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன."

'பெயர் நீக்கம்' என்று எழுதாதீர்கள். 'கடன் பொறுப்பிலிருந்து விடுவித்து' என்றே எழுதுங்கள். தவணை பிடிக்கும் வங்கிக் கணக்கை மாற்றுவதும் கிளை மொழியில் பெயர் மாற்றம்தான். தம்பி கணக்கிலிருந்து அண்ணன் கணக்குக்குத் தவணையை மாற்றிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். பொறுப்பு அப்படியே இருக்கும்.

கூட இணைக்க வேண்டியவை: அண்ணனின் 6 மாதச் சம்பளச் சீட்டு, ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட், கடைசி 2 வருட வருமான வரித் தாக்கல், கார் கடன் முடிந்த சான்று, இருவரின் பான், ஆதார் நகல், காரணத்துக்கான அத்தாட்சி. தொழில் செய்பவர் என்றால் லாப நட்டக் கணக்கும் கேட்பார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் நாள் எண்ணுவது இந்தத் தேதியிலிருந்துதான்.

## 5. வங்கி அலசும் நேரத்தில் என்ன நடக்கும்

கிளையில் முடிவெடுக்க மாட்டார்கள். கோப்பு கடன் பிரிவுக்குப் போகும். அண்ணனின் சிபிலை மறுபடி எடுப்பார்கள், சில வங்கிகள் வீட்டின் மதிப்பையும் மறுபடி பார்க்கும். இதற்கெல்லாம் கட்டணம் உண்டு, எவ்வளவு என்பதை முன்பே எழுத்தில் கேளுங்கள்.

கடனில் வேறு ஜாமீன்தாரர் யாராவது இருந்தால் அவருடைய சம்மதக் கையெழுத்தையும் கேட்பார்கள். அவரிடம் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய விஷயங்களில் அவர் பொறுப்பு விடுபடும் என்று 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு சொல்கிறது. வங்கி அந்த அபாயத்தை ஏற்காது. மாமா ஜாமீன் போட்டிருந்தால், அவரிடம் மனுக் கொடுக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ஒத்துக்கொண்டால் ஒரு கடிதம் வரும். அதில் நிபந்தனைகள் இருக்கும்: இந்த ஆவணம் கொடு, இந்தத் தேதிக்குள் விடுதலைப் பத்திரம் பதிவு செய், வட்டி இவ்வளவு. வட்டி வரியைக் கண்டிப்பாகப் பாருங்கள். மறு அலசல் என்ற பெயரில் வட்டி விகிதம் ஏறியிருக்கலாம். விலகுகிறவர் பெண்ணாக இருந்து, பெண்களுக்கான வட்டிச் சலுகையில் கடன் வாங்கியிருந்தால் அந்தச் சலுகை போய்விடக்கூடும்.

## 6. வங்கிக் கடிதம் முதலில், பத்திரம் பிறகு

வரிசை மாறினால் அதிகம் அடிபடுவது இந்தப் படியில்தான்.

தம்பி தன் பாகத்தை முதலில் எழுதிக்கொடுத்துவிட்டார், வங்கி பிற்பாடு மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு அண்ணனுடையது, கடன் இருவருடையது. தம்பி தனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு 14 வருடம் பொறுப்பாளி. தவணை கட்டினாலும் வீட்டுக் கடன் வரிச்சலுகை கிடைக்காது, அதற்குச் சொத்தில் உரிமை இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அடமானத்தில் உள்ள சொத்தை வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். அதை மீறியதாகவும் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கம், சொத்தில் பெயரை வைத்துக்கொண்டு கடனில் மட்டும் விலகுவது வங்கியிடம் நடக்காது. சொத்தில் உரிமையுள்ளவர் எல்லோரும் கடனிலும் இருக்க வேண்டும் என்பதே வீட்டுக் கடனில் வழக்கம். இல்லையென்றால் நாளைக்கு வீட்டை ஏலம் விடப் போகும்போது "என் பாகத்துக்கு நான் கடன் வாங்கவில்லை" என்று ஒருவர் வந்து நிற்பார்.

ஆக வரிசை இது. வங்கியின் ஒப்புதல் கடிதமும் தடையில்லாச் சான்றும் கையில் வந்ததும், விடுதலைப் பத்திரத்தின் வரைவை வங்கியின் வக்கீலிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பதிவு செய்யுங்கள். பதிவான அசலையும் புதிய வில்லங்கச் சான்றையும் வங்கியில் ஒப்படையுங்கள். அதன்பின் அண்ணன் பெயரில் புது அடமான ஆவணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் தம்பியின் விடுவிப்புக் கடிதம்.

பத்திரம் பதிந்த நாளுக்கும் விடுவிப்புக் கடிதம் வரும் நாளுக்கும் நடுவில் தம்பி அந்தரத்தில்தான் நிற்பார். அதனால் ஒப்புதல் கடிதத்திலேயே "பத்திரம் ஒப்படைக்கப்பட்டதும் விடுவிக்கப்படுவார்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போகட்டும். 'பரிசீலிக்கப்படும்' என்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முத்திரைத்தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு, குடும்ப உறுப்பினர்களுக்கிடையே என்றால் பல மாநிலங்களில் குறைவு. யார் யார் குடும்பம் என்ற பட்டியலும் வேறுபடும், பத்திர எழுத்தரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வரி விஷயத்தில் இரண்டு கேள்வியோடு ஆடிட்டரைப் பாருங்கள். தம்பி பாகத்துக்குப் பணம் கைமாறுகிறதா? மாறினால் தம்பிக்கு மூலதன ஆதாய வரி வரலாம். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 வருடம் ஆகிவிட்டதா? ஆகாமல் மாற்றினால், அசலுக்காக இதுவரை எடுத்த வரிக்கழிவு மாற்றுகிற வருடத்தின் வருமானத்தில் திரும்பச் சேரும்.

## 7. கையெழுத்து நாளில் வாங்க வேண்டியவை

தம்பி வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வாங்க வேண்டியது மூன்று.

முதலாவது விடுவிப்புக் கடிதம். வங்கியின் தலைப்புத் தாளில், கடன் எண், தேதி, "இந்தத் தேதி முதல் எந்தப் பொறுப்பும் இல்லை" என்ற வாசகம், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. புதுக் கடனுக்கு இதைத்தான் காட்டப் போகிறார்.

இரண்டாவது, பழைய செக்குகள். கடன் வாங்கும்போது பாதுகாப்புக்கென்று தேதி போடாத செக்குகளைத் தம்பியிடமும் வாங்கி வைத்திருப்பார்கள். இதை யாரும் நினைவு வைத்துக் கேட்பதில்லை. கேட்டு வாங்குங்கள், கிடைக்கவில்லையென்றால் அந்த எண்களுக்குத் தம்பி தன் வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தானியங்கித் தவணைப் பிடித்தம். அவர் கணக்கில் அந்தக் கடனுக்கான ஆணை இருந்தால் ரத்துச் செய்யச் சொல்லுங்கள். அண்ணன் கணக்கில் புது ஆணை ஏறிய பிறகுதான் ரத்துச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலில் ரத்துச் செய்தால் அந்த மாதத் தவணை தவறும், கடைசி நேரத்தில் இருவர் சிபிலிலும் ஒரு கறை விழும்.

கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு இருவர் உயிரையும் சேர்த்தது என்றால் அதையும் மாற்ற வேண்டும். இனி முழுக் கடனும் அண்ணன் தலையில் இருப்பதால் காப்பீடும் முழுத் தொகைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

## 8. ஜாமீன்தாரராக இருந்தால்

"நான் ஜாமீனை வாபஸ் வாங்குறேன்னு லெட்டர் கொடுத்துட்டேன் அண்ணே, அப்போ முடிஞ்சிருச்சுதானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வீட்டுக் கடன், வாகனக் கடன் போல ஒரே தடவையில் கொடுத்து முடித்த கடனென்றால் முடியவில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, தொடர் ஜாமீனை நோட்டீஸ் கொடுத்து விலக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அது இனிமேல் நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும். பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இனிமேல் நடக்க ஒன்றுமில்லை. நோட்டீஸ் தொடுவதற்கு எதுவுமே இல்லாமல் போகிறது.

கடைக்கான ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் போல எடுப்பதும் கட்டுவதுமாக ஓடும் கணக்கு என்றால் நோட்டீஸுக்கு வேலை உண்டு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளில் இருக்கும் பாக்கிக்குத்தான் பொறுப்பு, அதற்குப்பின் எடுத்ததற்கு அல்ல. ஆனால் பல வங்கிகளின் ஜாமீன் பத்திரத்தில், விலகுவதற்கு இத்தனை மாத நோட்டீஸ் வேண்டும் என்றோ, சட்டம் தரும் இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்றோ எழுதி வாங்கியிருப்பார்கள். உங்கள் பத்திரத்தைப் படித்துவிட்டுத்தான் நோட்டீஸ் எழுத வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணம், முதலில் கடனாளியைத்தான் கேட்பார்கள், அவரிடம் வசூலாகாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்பது. 128-ஆம் பிரிவின்படி, வேறுமாதிரி எழுதிக்கொள்ளாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வங்கி நேராக உங்களிடமே வரலாம்.

அதனால் கொடுத்து முடித்த கடனில் ஜாமீன்தாரர் வெளியே வர நடைமுறையில் மூன்று வழி. உங்களுக்கு இணையான வருமானமுள்ள மாற்று ஜாமீன்தாரரைக் கடனாளி கொண்டுவருவது. வைப்புநிதி, காப்பீட்டுப் பாலிசி போன்ற ஏதாவது கூடுதல் ஈட்டைக் கொடுப்பது. அல்லது கடனாளியின் சம்பளம் இப்போது ஏறிவிட்டது, ஜாமீன் இல்லாமலே தகுதி வருகிறது என்று 3-ஆம் பகுதிக் கணக்கால் காட்டுவது. மூன்றிலும் கடனாளிதான் மனுக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ரத்துச் செய்த அசல் ஜாமீன் பத்திரத்தையோ, விடுவிப்புக் கடிதத்தையோ கேட்டு வாங்குங்கள். மாற்று ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் மட்டும் நீங்கள் விடுபடவில்லை. சில சமயம் வங்கி அவரைக் கூடுதல் ஆளாகச் சேர்த்துவிட்டு உங்களையும் வைத்திருக்கும்.

ஓய்வு பெறப் போகிறவர்கள், கடன் நல்லபடி ஓடும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். 2, 3 தவணை தவறிய பிறகு வங்கிக்கு உங்கள் கையெழுத்துதான் பிடிமானம். அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டு அப்போது பயனில்லை.

## 9. வங்கி மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருமானம் போதாது என்றால் 3-ஆம் பகுதிக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் கொள்கையில் இடமில்லை என்றால், வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது வழி. தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் பழைய இடத்தில் அபராதம் இல்லை. புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமான ஆவணச் செலவு மட்டும் இருக்கும்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. சொத்து இன்னும் இருவர் பெயரில் இருந்தால் புது வங்கியும் தம்பியைக் கடனில் சேர்க்கச் சொல்லும். ஆகவே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வட்டி விகிதம் அல்ல. "பழைய கடனை நீங்கள் அடைக்கும்போதே விடுதலைப் பத்திரமும் பதிந்து, அண்ணன் பெயரில் மட்டும் கடன் தருவீர்களா?" என்பதுதான். சரி என்று சொல்லும் வங்கியில் மட்டும் விண்ணப்பியுங்கள். நாலு இடத்தில் விண்ணப்பித்தால் நாலு விசாரணை சிபிலில் ஏறும்.

பழைய கடன் முழுவதும் அடைந்ததும், அசல் ஆவணங்களை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது.

மனுவுக்குப் பதிலே சொல்லாமல் இழுத்தால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் `cms.rbi.org.in` மூலம் போகலாம். ஆனால் விடுவிப்பதா இல்லையா என்பது வங்கியின் வணிக முடிவு, அதை ஆம்புட்ஸ்மன் மாற்றித் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பதில் தராதது, ஒப்புக்கொண்டபடி நடக்காதது, ஆவணத்தைத் திருப்பாதது போன்றவைதான் அங்கே எடுபடும்.

## 10. கிரெடிட் அறிக்கையில் மாறியதா என்று பாருங்கள்

விடுவிப்புக் கடிதம் வந்து ஒன்றரை மாதம் கழித்துத் தம்பி தன் அறிக்கையை மறுபடி இறக்க வேண்டும். அந்தக் கடன் அவர் பெயரில் நடப்பில் இருக்கக் கூடாது. விலகும் தேதி வரையிலான பழைய வரலாறு தெரிந்தால் அது தவறில்லை.

கிளையில் கோப்பு மாறியிருக்கும், ஆனால் கிரெடிட் நிறுவனங்களுக்குப் போகும் தரவில் பழைய இரண்டு பெயரே போய்க்கொண்டிருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. அப்படி இருந்தால் விடுவிப்புக் கடிதத்தின் நகலோடு வங்கியிலும், அந்தக் கிரெடிட் நிறுவனத்தின் தளத்திலும் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒரு நிறுவனத்தில் திருத்தினால் மற்ற மூன்றிலும் தானாகத் திருந்திவிடும் என்று இருக்க வேண்டாம். தம்பிக்குக் கடன் தரப்போகும் வங்கி எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுக்கிறது என்று கேட்டு, அதை முதலில் சரிபார்த்துவிட்டுப் புது விண்ணப்பத்தைக் கொடுக்கட்டும்.